ஆய்வேட்டுத் திருத்தம்: சொல்லுக்கு எத்தனை பைசா நியாயம்?

ஆய்வேடு சமர்ப்பிக்கும் கடைசி நாள் நெருங்கும்போதெல்லாம் ஆங்கிலத் திருத்தம் பற்றி வாசகர் கடிதங்கள் குவிகின்றன. ஒருவர் சொல்லுக்கு 25 பைசா கேட்கிறார், இன்னொருவர் 40 பைசா கேட்கிறார். எதை நம்புவது என்பதே பலரின் கேள்வி.

சொல் கணக்கில் என்ன சிக்கல்?

மொத்தச் செலவு முன்பே தெரிந்துவிடும் என்பதால் ஆய்வாளருக்கு இந்த முறை வசதி. ஆனால் திருத்துபவரின் நேரம் அதில் கண்ணுக்குத் தெரிவதில்லை. மேற்கோள் பட்டியல் நீங்கலாக 52,000 சொற்கள் கொண்ட ஓர் ஆய்வேட்டை எடுத்துக்கொள்வோம். நடை கரடுமுரடாக இருந்தால், இரண்டு முறை படித்துத் திருத்த மணிக்கு 800 சொற்கள் வீதம் 65 மணி நேரம் பிடிக்கும். 25 பைசா வீதம் கிடைப்பது 13,000 ரூபாய். மணிக்கு 200 ரூபாய். இதை 400 ஆக்க அவருக்கு இருக்கும் ஒரே வழி வேகத்தை இரட்டிப்பாக்குவது. அந்த வேகத்தில் எழுத்துப் பிழை அகலும். பொருள் பிழை தங்கிவிடும், புதிதாகவும் நுழையும்.

உதாரணமாக, இரு குழுக்களிடையே புள்ளியியல்படி குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை என்று ஆய்வாளர் எழுதியிருப்பார். அவசரத்தில் அது ‘இரண்டும் சமம்’ என்று மாறிவிடும். தரவு அப்படிச் சொல்லவே இல்லை. தேர்வாளர் கேட்கும்போது மாட்டிக்கொள்பவர் ஆய்வாளர்தான்.

எனவே மிக மோசமான அத்தியாயத்திலிருந்து 1,000 சொற்களைக் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள். அதற்கு 75 நிமிடம் ஆகி, மணிக்கு 300 ரூபாய் என்று இருவரும் ஒப்புக்கொண்டால், விலை சொல்லுக்கு முப்பத்தேழரைப் பைசா. மூலப்பிரதியின் சொற்களையே எண்ணுங்கள். திருத்திய பிரதியை எண்ணினால், வளவளப்பைக் குறைப்பவருக்கு நஷ்டம்.

எல்லை எதுவரை?

மொழி, தெளிவு, சீர்மை வரை. வாதத்திலோ முடிவிலோ சந்தேகம் வந்தால் ஓரக்குறிப்பில் கேட்கலாம்; தானே மாற்றக் கூடாது. ஒவ்வொரு மாற்றமும் ‘டிராக் சேஞ்சஸ்’ வழியே தெரிய வேண்டும். ‘ஒற்றுமை விழுக்காட்டைக் குறைத்துத் தருகிறோம்’ என்ற விளம்பரம் திருத்தத்தைப் பற்றியதல்ல. பிறர் எழுத்துக்கு வேறு சட்டை போடுவதைப் பற்றியது.

ரகசியம்?

வெளியாட்கள் யாருக்கும் காட்டுவதில்லை என்ற வாக்குறுதி மட்டும் போதாது. ஒற்றுமை சோதிக்கும் மென்பொருளில் யாராவது உங்கள் வரைவை ஏற்றி, அது அதன் சேமிப்பகத்தில் தங்கிவிட்டால், பிறகு பல்கலைக்கழகம் சோதிக்கும்போது உங்கள் எழுத்தே உங்களுக்கு எதிராக நிற்கும். உங்கள் அனுமதியின்றி எங்கும் ஏற்றக் கூடாது, வேலை முடிந்ததும் கோப்புகளை அழிக்க வேண்டும் என்று எழுதி வாங்குங்கள்.

திருத்தச் சான்றிதழ் இருந்தால் இதழ் ஏற்குமா? உத்தரவாதம் இல்லை, பெரிய பதிப்பகங்களின் திருத்தச் சேவைகளும் அப்படி உறுதியளிப்பதில்லை.

திருத்தியவர் இணையாசிரியரா? இல்லை, நன்றியுரையில் பெயர் போதும்.

மேற்கோள் பட்டியலுக்கு? தனி விலை பேசுங்கள்.

முன்பணம்? அத்தியாயம் அத்தியாயமாகக் கொடுங்கள்.