வேற்றுத் துறை ஆய்வுக் கட்டுரையைப் படிப்பது எப்படி?

பழக்கமில்லாத துறையின் ஆய்வுக் கட்டுரையை வரிசையாகப் படிப்பவர் பெரும்பாலும் செய்முறைப் பகுதியிலேயே நின்றுவிடுவார். கட்டுரையின் மையக் கூற்றை முதலில் கண்டுகொண்டு, அதற்குத் தேவையான கலைச்சொற்களை மட்டும் பட்டியலிட்டுப் படிப்பது எளிய வழி. டெக்ஸாமெத்தசோன் மருந்து கொரோனா நோயாளிகளுக்கு உதவுகிறதா என ஆராய்ந்த பிரிட்டனின் ‘ரெகவரி’ ஆய்வு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் முதற்கட்ட முடிவுகள் 2020 ஜூலையில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளிவந்தன.

மையக் கூற்று பொதுவாகச் சுருக்கத்தின் கடைசி வரிகளில் இருக்கும். யாருக்கு, எதைக் கொடுத்து, எதனோடு ஒப்பிட்டு, என்ன மாறியது என்ற நான்கும் அடங்க அதை ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். இந்த ஆய்வின் கூற்று இது: மருத்துவமனையில் ஆக்ஸிஜனோ வென்டிலேட்டரோ தேவைப்பட்டவர்களிடையே, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட டெக்ஸாமெத்தசோனும் சேர்த்துப் பெற்றவர்களில் 28 நாள்களுக்குள் இறந்தோர் குறைவு, சுவாச உதவி தேவைப்படாதவர்களிடம் அந்தப் பயன் தெரியவில்லை. பின்பாதியை விட்டுவிட்டால், கொரோனா வந்த எல்லோருக்கும் இந்த மருந்து நல்லது என்ற தவறான முடிவே மிஞ்சும்.

அடுத்தது சொற்பட்டியல். கூற்றையும் அதைத் தாங்கும் எண்களையும் புரிந்துகொள்ளத் தடையாக இருக்கும் சொற்கள் மட்டும் அதில் இடம்பெற்றால் போதும். பொருளை அகராதியில் தேடுவதற்கு முன், கட்டுரை அந்தச் சொல்லை எப்படிக் கையாள்கிறது என்று செய்முறைப் பகுதியில் பார்க்க வேண்டும். மருந்து பெற்றவர்களில் 22.9 சதவீதம் பேரும் மற்றவர்களில் 25.7 சதவீதம் பேரும் இறந்தனர். முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் 0.89 வரும், கட்டுரையோ ‘வீத விகிதம்’ 0.83 என்கிறது. இது அச்சுப் பிழையன்று. மருந்து பெற்ற குழுவின் சராசரி வயது 1.1 ஆண்டு கூடுதலாக இருந்ததால், வயது வேறுபாட்டைச் சரிசெய்து கணக்கிட்ட விகிதம் அது. இப்படிக் கணக்கு ஒத்துவராத இடம், ஒரு சொல்லின் பொருள் இன்னும் பிடிபடவில்லை என்பதற்கான அடையாளம்.

‘நம்பக இடைவெளி’ அடுத்த சொல். சுவாச உதவி தேவைப்படாதவர்களில் மருந்து பெற்றவர்கள் 17.8 சதவீதமும் பெறாதவர்கள் 14 சதவீதமும் இறந்தனர். மருந்தே உயிரைப் பறித்தது என்று தோன்றலாம். ஆனால் இங்கே வீத விகிதம் 1.19, அதன் நம்பக இடைவெளி 0.91 முதல் 1.55 வரை. வேறுபாடே இல்லை என்பதைக் குறிக்கும் 1 அதற்குள் அடங்குகிறது. ஆகவே தீங்கு நிரூபணமாகவில்லை. தீங்கே இல்லை என்றும் சொல்ல முடியாது.

இந்தச் சொற்கள் தெளிந்தபின் முடிவு அட்டவணையோடு மையக் கூற்றை ஒப்பிட்டு, தேவையானால் திருத்தி எழுத வேண்டும். கட்டுரை என்ன சொல்கிறது என்பதை இந்த முறை காட்டும். அது சரியா என்று தீர்ப்பளிக்க, அத்துறையின் பிற ஆய்வுகளையும் அறிந்தவரைத்தான் கேட்க வேண்டும்.