தள்ளுபடி கேட்கும் வாடிக்கையாளரும் மாறாத விலைப்பட்டியலும்

ஒவ்வொரு முறையும் பேரம் பேசும் வாடிக்கையாளரை இழக்க மனமின்றி, "பத்து விழுக்காடுதானே" என்று இசைந்துவிடும் சிறுதொழில் முனைவோர் பலர். அந்தப் பத்து விழுக்காடு விற்பனை விலையில் கணக்கிடப்படுகிறது. ஆனால் கழிவதோ முழுவதும் இலாபத்திலிருந்து.

தொழிற்சாலைகளுக்குச் சீருடை தைத்துக் கொடுக்கும் ஒரு கூடத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு சீருடையின் விலை 1,000 ரூபாய். துணி, நூல், கூலி, வண்டிச் செலவு ஆகியவற்றுக்கு 800 ரூபாய் போக, மிஞ்சுவது 200 ரூபாய். வாடகையும் கடன் தவணையும் உரிமையாளரின் வருவாயும் இதிலிருந்தே வரவேண்டும். விலையை 900 ஆகக் குறைத்தால் மிச்சம் 100 ரூபாய்தான். நூறு சீருடையில் கிடைத்த 20,000 ரூபாயை மீண்டும் ஈட்ட, இனி இருநூறு தைக்க வேண்டும். அடுத்த முறை பேரமும் 900 ரூபாயிலிருந்தே தொடங்கும்.

எனவே, நிபந்தனையின்றி விலையைக் குறைக்காமல், நமக்கு மிச்சமாகும் தொகையை மட்டும் வாடிக்கையாளருடன் பகிர்ந்துகொள்வதே முறை. அவர் வழக்கமாக 60 நாள் கழித்துப் பணம் தருபவர் எனில், ஒரு இலட்ச ரூபாய்க்கான நடைமுறை மூலதனக் கடனுக்கு ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டி வீதம் ஏறத்தாழ 2,000 ரூபாய் செலவாகிறது. சரக்கை ஒப்படைக்கும் நாளிலேயே முழுத்தொகையும் வந்தால் இச்செலவு இல்லை. ஆகவே 2 விழுக்காடு வரை தள்ளுபடி தரலாம். அதற்கு மேல் குறைவு வேண்டுமெனில், பணியைக் குறைக்கலாம். சட்டைப்பையில் சின்னம் தைக்க 60 ரூபாய் ஆகிறதென்றால், அதை விலக்கி 940 ரூபாய்க்குத் தரலாம்.

மறுமொழி சுருக்கமாகவும் மரியாதையாகவும் இருத்தல் நன்று: "ஐயா, இந்த விலை எல்லோருக்கும் ஒன்றே. சரக்கு வந்த அன்றே பணம் செலுத்தினால் 2 விழுக்காடு குறைத்துத் தருகிறோம். சின்னம் வேண்டாமெனில் விலை 940. எது தங்களுக்கு வசதி?" மன்னிப்பும் நீண்ட விளக்கமும் தேவையில்லை, அவை விலை இன்னும் இறங்கும் என்ற எண்ணத்தையே தரும்.

இச்சலுகைகளை விலைப்பட்டியலின் கீழே, அது நடைமுறைக்கு வரும் தேதியுடன் அச்சிட்டுவிட்டால், பேரம் பேசாதவரும் அவற்றைப் பெறுவார். பட்டியல் விலையை முன்னரே உயர்த்திவைத்துப் பின் தள்ளுபடி தருவது, கேட்காமல் வாங்குபவரையே தண்டிப்பதாகும். தள்ளுபடித் தொகையைப் பில்லிலேயே காட்டுங்கள். அப்போது குறைத்த மதிப்பின்மீது ஜிஎஸ்டி கணக்கிடப்படும்.

பேரம் பேசுபவர் முணுமுணுத்தாலும் தொடர்ந்து வாங்கினால், விலை சரியானதே. பேரம் பேசாதவர்களும் ஓசையின்றி விலகத் தொடங்கினால், பட்டியலையே ஆராய வேண்டும். அப்போதும் ஒருவருக்காக மட்டும் மாற்றாமல், ஒரு தேதி குறித்து அனைவருக்குமாக மாற்றுங்கள்.