விமான நிலைய வைஃபை சொல்லும் பொய்

விமான நிலையத்திலோ ஓட்டலிலோ இலவச வைஃபையில் இணைந்து பிரவுசரைத் திறந்தால், கேட்ட தளத்துக்குப் பதில் கைபேசி எண்ணும் ஓடிபியும் கேட்கும் பக்கம் வந்து நிற்கும். பார்த்ததும் நமக்குப் புரிந்துவிடுகிறது. அதே நேரம் பின்னணியில் ஒரு வானிலைச் செயலி தன் சர்வரிடம் வெப்பநிலை கேட்டிருக்கலாம். அதற்கும் இதே பக்கம்தான் கிடைக்கும்.

செயலி பூட்டில்லாத `http` வழியாகக் கேட்டால், வைஃபையின் கேட்வே அதை நடுவழியில் மறித்து, சர்வரே பேசுவதுபோலத் தானே பதில் தருகிறது:

```
HTTP/1.1 200 OK
Content-Type: text/html

<!DOCTYPE html>
```

200 என்றால் ‘கேட்டது கிடைத்தது’ என்று பொருள். செயலி நம்பிப் பிரித்துப் படிக்கிறது. ஜேசான் தரவு `{` என்று தொடங்கும் என எதிர்பார்த்த இடத்தில் `<` வருகிறது. ஜாவாஸ்கிரிப்ட் என்றால் `Unexpected token '<'` என்று பிழை காட்டும். சர்வரின் பதிவேட்டில் தேடினால் அப்படி ஒரு கோரிக்கை வந்த தடயமே இருக்காது. கோளாறு நடுவழியில் என்பதற்கு அதுவே அடையாளம்.

பிழை காட்டி நிற்பது நல்லது. கோப்பை அனுப்பிவிட்டு, 200 வந்ததா என்று மட்டும் பார்க்கும் நிரலோ, வேலை முடிந்ததென்று கைபேசியில் இருக்கும் பிரதியை அழித்துவிடும். கோப்பு எங்கும் போய்ச் சேர்ந்திருக்காது.

2012-இல் மார்க் நாட்டிங்ஹாமும் ராய் ஃபீல்டிங்கும் எழுதிய ஆர்எஃப்சி 6585, இதற்காகவே 511 என்ற எண்ணைத் தந்தது. ‘நான் சர்வர் அல்ல, இடையில் இருக்கும் வலையமைப்பு, முதலில் என்னிடம் உள்நுழை’ என்பது அதன் பொருள். இந்தப் பதிலைச் சேமித்து வைக்கக் கூடாது. உள்நுழையும் படிவத்தை அதிலேயே வைக்காமல், படிவம் இருக்குமிடத்துக்கு இணைப்பு மட்டும் தர வேண்டும் என்கிறது விதி. இல்லாவிட்டால் நாம் கேட்ட தளமே கடவுச்சொல் கேட்பதுபோலத் தோன்றும்.

ஆனால் இன்று பெரும்பாலான போக்குவரத்து `https`. அந்தத் தளத்தின் சான்றிதழுக்குரிய ரகசியச் சாவி கேட்வேயிடம் இல்லாததால் அது ஆள்மாறாட்டம் செய்ய முடியாது. இணைப்பு சான்றிதழ் பிழையோடு அறுந்துவிடும். பொய்யான 200 நுழையாததுபோல, உண்மையான 511-உம் நுழையாது.

ஆகவே கைபேசியே முந்திக்கொண்டு சோதிக்கிறது. ஆண்ட்ராய்டு `generate_204` என்று முடியும் ஒரு முகவரியைப் பூட்டில்லாத `http` வழியாகக் கேட்கும். உள்ளடக்கமற்ற 204 வந்தால் வழி திறந்திருக்கிறது. வேறு பக்கமோ திசைதிருப்பலோ வந்தால் ‘உள்நுழைக’ என்ற அறிவிப்பு எழும்.

செயலி எழுதுபவர் `https` மட்டும் பயன்படுத்தி, `Content-Type` ஜேசான்தானா என்று பார்த்து, கோப்பு சேர்ந்ததற்குச் சர்வர் தரும் அடையாள எண் கிடைத்த பிறகே பிரதியை அழித்தால், இந்த ஆபத்து நீங்கும்.