மெயின்டனன்ஸ் கணக்கில் ஒரு லிஃப்ட் பேனல்

சென்னையில் ஓர் அலுவலகக் கட்டிடத்துக்கு நான் கணக்குப் பார்க்கிறேன். ஐந்து மாடி, மொத்தம் 60,000 சதுர அடி. இரண்டாவது மாடியில் 3,000 சதுர அடியில் பல் கிளினிக் நடத்தும் டாக்டரிடமிருந்து 2025 ஜூனில் போன் வந்தது.

“சார், மெயின்டனன்ஸ்தான் மாசாமாசம் கரெக்டா கட்டிட்டு வர்றேனே. இது என்ன புதுசா அறுபத்து மூவாயிரத்து எழுநூத்து இருபது ரூபா?”

நியாயமான கேள்வி. நாங்கள் அனுப்பிய தாளில் இருந்தது ஒரே ஒரு வரி: ‘2024–25 பொதுச் செலவு வித்தியாசம்’. ஏன் வந்தது, எதில் வந்தது என்று ஒரு சொல்லும் இல்லை.

வணிகக் கட்டிடங்களில் வாடகை தனி, பொதுப் பராமரிப்புக் கட்டணம் தனி. செக்யூரிட்டி, துப்புரவு, லிஃப்ட், வராந்தா விளக்கு, ஜெனரேட்டர் டீசல், தண்ணீர் எல்லாம் இரண்டாவதில் அடங்கும். ஆண்டு தொடங்கும்போது உரிமையாளர் தோராயமாக ஒரு தொகையைக் கணக்கிட்டு, சதுர அடிக்கு இவ்வளவு என்று மாதாமாதம் வாங்கிக்கொள்வார். மார்ச் முடிந்ததும் உண்மையில் எவ்வளவு செலவானது என்று கூட்டிப் பார்ப்பார். கூடுதலாக ஆகியிருந்தால் வாடகைதாரர் கட்ட வேண்டும். குறைந்திருந்தால் அவருக்குத் திரும்ப வர வேண்டும். ஆண்டு இறுதி நேர்செய்தல் என்பது இதுதான்.

எங்கள் கட்டிடத்தில் சதுர அடிக்கு மாதம் 12 ரூபாய் என்று போட்டிருந்தோம். ஆண்டுக்கு மொத்தம் 86.4 லட்சம். செலவானதோ 97.2 லட்சம். டாக்டரின் பங்கு இருபதில் ஒன்று. ஆகவே 10.8 லட்சம் வித்தியாசத்தில் அவர் தலையில் விழுந்தது 54,000 ரூபாய். அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. மருத்துவச் சேவைக்கு வரிவிலக்கு இருப்பதால், கட்டிய ஜி.எஸ்.டி.யை டாக்டரால் வேறெங்கும் கழித்துக்கொள்ள முடியாது. அவருக்கு அது முழுச் செலவு.

மறுநாள் பில் ஃபைலை எடுத்துக்கொண்டு அவரது கிளினிக்குக்கே போனேன். முதலில் மின்சாரம். 20 லட்சம் என்று நினைத்தது 22 லட்சமாகியிருந்தது. “ஈ.பி. ரேட் ஏறிடுச்சு டாக்டர்” என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போயிருக்கலாம். பொய்யும் இல்லை, தமிழ்நாட்டில் 2024 ஜூலை 1 முதல் மின்கட்டணம் 4.83 சதவீதம் உயர்ந்தது. ஆனால் அந்த உயர்வு ஒன்பது மாதங்களுக்குத்தான். 20 லட்சத்தில் அதன் பங்கு சுமார் 72,000 ரூபாய்தான் வரும். மீதி 1.28 லட்சம் விலையால் வந்ததல்ல. யூனிட் கூடியிருக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் பெரும்பாலான விளக்கங்கள் நின்றுபோகின்றன. விலை ஏறியதால் எவ்வளவு, பயன்பாடு கூடியதால் எவ்வளவு என்று பிரிக்காத வரை, வித்தியாசத்துக்குக் காரணம் சொன்னதாக ஆகாது. பொது மீட்டரின் மாதவாரி யூனிட்டை முந்தைய ஆண்டின் அதே மாதங்களோடு பக்கத்தில் பக்கத்தில் எழுதினோம். ஏப்ரலும் மேயும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் மட்டும் துள்ளியிருந்தது. டாக்டரே கேட்டார்: “அப்பதானே சார் அஞ்சாவது மாடியில இன்டீரியர் வேலை நடந்துச்சு? ராத்திரியெல்லாம் டிரில் சத்தம் கேக்குதுன்னு வாட்ச்மேன் சொன்னாரே.”

அதேதான். புதிதாக வந்த வாடகைதாரரின் மர வேலைக்காரர்கள் இரண்டு மாதம் பொது லைனிலிருந்து மின்சாரம் எடுத்திருக்கிறார்கள். துணை மீட்டர் போடவில்லை. கூடிய யூனிட்டைக் கணக்கிட்டால் சுமார் 1.1 லட்சம். அது அந்த ஒரு வாடகைதாரர் கொடுக்க வேண்டிய பணம். மற்றவர்கள் தலையில் கட்டியது எங்கள் தவறு.

அடுத்தது லிஃப்ட். ஒன்பது லட்சம் என்று போட்ட பழுதுபார்ப்புக் கணக்கு 14.1 லட்சமாகியிருந்தது. அதில் 4.5 லட்சம், லிஃப்டின் கன்ட்ரோல் பேனலையே புதிதாக மாற்றிய செலவு. கயிறு மாற்றுவதும் எண்ணெய் போடுவதும் பராமரிப்பு. பத்தாண்டு உழைக்கப் போகும் பேனல் உரிமையாளரின் சொத்து. டாக்டரின் ஒப்பந்தம் இன்னும் இரண்டு ஆண்டில் முடிகிறது. எட்டு ஆண்டு வேறொருவர் அனுபவிக்கப் போகும் பொருளுக்கு அவர் ஏன் முழுப் பங்கும் கட்ட வேண்டும்? ஒப்பந்தத்தில் ‘பழுதும் மாற்றமும்’ என்று பொதுவாக எழுதியிருந்ததால், வசூலிக்க உரிமை உண்டு என்றே உரிமையாளர் வாதிட்டார். கடைசியில் பத்து ஆண்டுக்குப் பிரித்து, ஆண்டுக்கு 45,000 ரூபாய் மட்டும் பொதுக் கணக்கில் சேர்க்க ஒப்புக்கொண்டார். என்னைக் கேட்டால், இப்படிப்பட்ட செலவை எப்படிப் பிரிப்பது என்பதை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் நாளிலேயே எழுதிவிட வேண்டும்.

தண்ணீரில் கூடிய 1.6 லட்சத்துக்குச் சர்ச்சையே எழவில்லை. கோடையில் போர் தண்ணீர் குறைந்து டேங்கர் லாரி கூடுதலாக வந்தது. கேட்டில் வாட்ச்மேன் எழுதிய லாரி எண்ணிக்கையும் பில்லில் இருந்த லோடு எண்ணிக்கையும் ஒத்துப்போயின. செக்யூரிட்டிச் சம்பள உயர்வும் அப்படியே.

டாக்டர் கேட்காத இரண்டையும் நானே சரிபார்த்தேன். ஒன்று, எந்தப் பரப்பால் வகுத்தோம் என்பது. காலியாகக் கிடக்கும் இடத்தின் பங்கு உரிமையாளருடையது. 6,000 சதுர அடி காலி என்று வைத்துக்கொண்டு, செலவை 60,000-க்குப் பதில் 54,000-ஆல் வகுத்திருந்தால், டாக்டர் இன்னொரு 54,000 ரூபாய் கொடுக்க வேண்டி வந்திருக்கும். பில்லைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. தன் சதவீதம் ஒப்பந்தத்தில் உள்ளதுதானா என்று பார்த்தால் மட்டுமே தெரியும்.

மற்றொன்று ஜி.எஸ்.டி. செக்யூரிட்டி நிறுவனம் ஒரு லட்சத்துக்கு 18,000 வரி சேர்த்து பில் போடுகிறது என்று கொள்வோம். அந்த 18,000-ஐ உரிமையாளர் தன் வரியில் கழித்துக்கொள்கிறார். பிறகு பொதுச் செலவில் ஒரு லட்சம்தான் ஏற வேண்டும். 1,18,000 என்று ஏற்றி, அதன்மேல் மறுபடி 18 சதவீதம் போட்டால் வாடகைதாரர்களுக்கு 1,39,240 ஆகிவிடும். வரிக்கு வரி! எங்கள் கணக்கில் இது சரியாக இருந்தது. சரியாக இல்லாத கட்டிடங்களையும் பார்த்திருக்கிறேன்.

மின்சாரத்தில் 1.1 லட்சமும் லிஃப்டில் 4.05 லட்சமும் கழிந்தபின் ஆண்டுச் செலவு 92.05 லட்சத்துக்கு இறங்கியது. டாக்டர் கட்டியது வரியோடு 33,335 ரூபாய். திருத்திய தாளை எல்லா வாடகைதாரர்களுக்கும் அனுப்பினோம். இந்த முறை ஒவ்வொரு தலைப்புக்கும் எதிரே நினைத்தது, ஆனது, ஏன் என்று மூன்று பத்திகள் போட்டோம். அதற்குப் பிறகு யாரிடமிருந்தும் போன் வரவில்லை.

உங்கள் கடைக்கோ ஆபீசுக்கோ இப்படி ஒரு தாள் வந்தால், ஆட்சேபம் தெரிவிக்க ஒப்பந்தம் எத்தனை நாள் தருகிறது என்று முதலில் பாருங்கள். பலவற்றில் முப்பதே நாள்தான். அதற்குள் பொது மீட்டரின் மாதவாரி யூனிட்டையும், பெரிய பழுது பில்களின் நகலையும் எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள்.