பாதியில் நிற்கும் தாரை

சிறுநீர் நன்றாகத்தான் வரத் தொடங்குகிறது. பாதியில் பட்டென்று நின்றுவிடுகிறது. உள்ளே இன்னும் இருப்பது தெரிகிறது, முக்கினாலும் வருவதில்லை. சற்றுக் குனிந்தாலோ, ஒருக்களித்துப் படுத்து எழுந்தாலோ மறுபடி வருகிறது. முடியும் நேரத்தில் ஆணுறுப்பின் நுனியில் சுரீரென்று வலி. சில நாள்களில் கடைசிச் சொட்டுகளோடு ரத்தம். வயதான ஆண் ஒருவர் இப்படிச் சொன்னால், சிறுநீர்ப்பைக்குள் கல் இருக்குமோ என்ற சந்தேகம் மருத்துவருக்கு உடனே எழும்.

இந்த அறிகுறிகள் எல்லாவற்றுக்கும் காரணம் கல்லின் நடமாட்டம். பைக்குள் கல் தளையின்றிக் கிடக்கிறது. சிறுநீர் வெளியேறும்போது அதுவும் உருண்டு வந்து வாயை அடைக்கிறது. உடம்பு சாய்ந்தால் விலகி வழிவிடுகிறது. பை காலியாகிச் சுருங்கும்போது அதன் சுவர் கல்லின் மேல் அழுந்துகிறது, மென்மையான உட்தோல் உராய்கிறது. கடைசியில் வலியும் ரத்தமும் வருவது அதனால்தான். பையின் கழுத்துக்கும் ஆணுறுப்பின் நுனிக்கும் பொதுவான நரம்புப் பாதை இருப்பதால், உள்ளே உராய்வது நுனியில் வலிக்கிறது.

கல் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது சிறுநீரகக் கல். இது வேறு கதை. சிறுநீரகத்தில் உருவாகும் சிறு கல், மூன்று நான்கு மில்லிமீட்டர் அகலமே உள்ள மெல்லிய குழாய் வழியாகப் பைக்கு இறங்குகிறது. உயிர் போகிற வலி வருவது அந்தக் குழாயில் சிக்கும்போதுதான். பைக்குள் விழுந்துவிட்டால் பெரும்பாலும் தொல்லை தீர்ந்தது. பையிலிருந்து வெளியே போகும் வழி அது வந்த குழாயைவிட அகலமானது, நன்றாக இயங்கும் பை அதைச் சில நாள்களில் தள்ளிவிடும். ஆகவே பெரியவர் ஒருவரின் பையில் கல் தங்கி வளர்ந்திருக்கிறது என்றால், அது ஏன் வெளியே போகவில்லை என்று கேட்டாக வேண்டும்.

விளக்குவதற்காக ஒரு நோயாளியைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். வயது 68, ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர். ஐந்தாறு வருடங்களாக இரவில் மூன்று நான்கு முறை எழுந்து போகிறார். தாரை மெலிந்துவிட்டது, ஆரம்பிக்கவே நேரமாகிறது. வயதானால் இப்படித்தான் என்று விட்டுவிட்டார். ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் மருத்துவமனைக்கு வந்தார்.

ஆண்களுக்குப் பையின் வாய்க்குக் கீழே, வெளிவழியைச் சுற்றி புராஸ்டேட் சுரப்பி இருக்கிறது. இளவயதில் ஏறக்குறைய 20 கிராம். ஐம்பதுக்குப் பின் பலருக்கு அது பருத்து வழியை நெருக்கும். எதிர்ப்பைச் சமாளிக்கப் பையின் தசை முதலில் தடிக்கிறது. வருடங்கள் போகப் போக அந்தத் தசையும் தளர்கிறது. நம் நடத்துநர் 400 மில்லி நிறைந்ததும் போகிறார், வெளியே வருவது 225 மில்லிதான். மீதி 175 உள்ளேயே தங்குகிறது. அடுத்து நிறைவது அந்த 175-இன் மேல். புதுச் சிறுநீரோடு பழையதும் கலக்கிறது, அதிலும் ஒரு பங்கு மறுபடி தங்குகிறது. அடி வரை ஒருபோதும் காலியாகாத தண்ணீர்த் தொட்டியில் கசடு சேர்வதுபோல், இவர் பைக்குள் உப்புகள் படியத் தொடங்குகின்றன.

எல்லோர் சிறுநீரிலும் கண்ணுக்குத் தெரியாத படிகங்கள் தோன்றும். பை முழுதாகக் காலியாகிறவருக்கு அவை ஒன்றோடொன்று ஒட்டி வளர்வதற்குள் வெளியேறிவிடும். தேங்குகிறவருக்கு அவகாசம் கிடைக்கிறது. சிறுநீர் அமிலத் தன்மையோடு இருந்தால் யூரிக் அமிலம் படிகமாகி, ஒன்றின் மேல் ஒன்றாகப் படலங்கள் சேர்ந்து கல் திரள்கிறது. அறுத்துப் பார்த்தால் பல கற்களில் வளையம் வளையமாக அந்த வளர்ச்சி தெரியும்.

தேங்கிய சிறுநீரில் கிருமி குடியேறினால் வளர்ச்சி இன்னும் வேகமாகிறது. புரோட்டியஸ் போன்ற சில கிருமிகள் யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்குகின்றன. சிறுநீர் காரத் தன்மைக்கு மாறுகிறது. அந்த நிலையில் மக்னீசியமும் அம்மோனியமும் பாஸ்பேட்டோடு சேர்ந்து படிகின்றன. இவ்வகைக் கல்லின் இடுக்குகளில் கிருமியும் ஒளிந்திருப்பதால், மாத்திரை சாப்பிடும்வரை குறைந்து நிறுத்தியதும் திரும்பும் தொற்று உண்டாகிறது. வருடத்தில் மூன்று நான்கு முறை சிறுநீர்த் தொற்றுக்கு மருந்து வாங்குகிற முதியவருக்கு ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது அவசியம் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

நடத்துநரின் மனைவி இதற்குள் தினமும் வாழைத்தண்டுச் சாறு கொடுக்க ஆரம்பித்திருந்தார். தண்ணீர் நிறையக் குடித்தால் சிறுநீர் நீர்த்துப்போகும், அது நல்லதே. ஆனால் ஒரு நெல்லிக்காய் அளவு திரண்ட கல்லைச் சாறு கரைக்காது. தேங்கும் 175 மில்லியையும் அது குறைக்காது.

ஸ்கேன் அறையில் ஒரு விதி உண்டு. பை நிறைந்திருக்க வேண்டும். காலிப் பையின் சுருங்கிய சுவர்களுக்கு நடுவே கல்லைத் தவறவிடுவது எளிது. வயிறு முட்டத் தண்ணீர் குடித்துக் காத்திருந்த நடத்துநரின் அடிவயிற்றில் மருத்துவர் கருவியை வைக்கிறார். பளிச்சென்று வளைவாக ஒரு வெள்ளைக் கோடு, அதன் பின்னால் கறுப்பு நிழல். ஒலி அலை கல்லைத் தாண்டிப் போக முடியாததால் விழும் நிழல் அது.

“அப்படியே இடது பக்கம் திரும்பிப் படுங்கய்யா” என்கிறார் மருத்துவர்.

திரும்பியதும் வெள்ளைக் கோடு பைக்குள் இடம் மாறி அடியில் போய் நிற்கிறது. அது உருண்டதால் கல். சுவரோடு ஒட்டி அசையாமல் இருந்திருந்தால் கட்டியோ என்ற கவலை வந்திருக்கும்.

“இப்போ போயி முழுசா போயிட்டு வாங்க. அவசரப்படாதீங்க.”

அவர் திரும்பி வந்ததும் மீண்டும் அளக்கிறார்கள். நீளம் 8, அகலம் 7, உயரம் 6 சென்டிமீட்டர். மூன்றையும் பெருக்கி 0.52 என்ற எண்ணாலும் பெருக்கினால் ஏறக்குறைய 175 மில்லி. எச்சம் ஐம்பதுக்குள் இருந்தால் பொதுவாகக் கவலையில்லை. நூறைத் தாண்டி, திரும்பத் திரும்ப அப்படியே இருந்தால் காரணத்தைத் தேடுவார்கள். எனக்கு இந்த இரண்டாவது அளவுதான் முக்கியமாகப் படுகிறது. அது இல்லாத அறிக்கை கல்லை மட்டும் சொல்லும், கல் வந்த காரணத்தைச் சொல்லாது. கல் 2.5 சென்டிமீட்டர், புராஸ்டேட் 60 கிராம் என்றும் இவருடைய அறிக்கையில் இருக்கிறது.

எக்ஸ்ரேயில் இவர் கல் தெரியவில்லை. யூரிக் அமிலக் கல் கதிர்களைத் தடுக்காததால் சாதாரண எக்ஸ்ரே தெளிவாக இருக்கிறது என்பதை வைத்துக் கல் இல்லை என்று சொல்லிவிட முடியாது. சந்தேகம் நீடித்தால் சிடி ஸ்கேன் எடுப்பார்கள். ரத்தம் வந்திருப்பதால் உள்ளே மெல்லிய கேமராக் குழாய் விட்டு, சுவரில் புற்றுநோய் ஏதும் இல்லை என்பதையும் உறுதி செய்ய வேண்டும். சிறுநீர்க் கிருமிப் பரிசோதனையை அறுவைக்கு முன்பே முடித்து, தொற்று இருந்தால் மருந்து கொடுத்து அடக்குவார்கள். கிருமி நிறைந்த கல்லை உடைத்தால் அது ரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

உடைப்பது பழைய கலை. 1820-களில் பாரிஸில் ழான் சிவியால், வயிற்றைக் கிழிக்காமல் வெளிவழியாகக் கருவி நுழைத்துக் கல்லை நொறுக்கிக் காட்டினார். ஆனால் நொறுங்கிய துண்டுகளை நோயாளியே சிறுநீரோடு வெளியேற்ற வேண்டும் என்று விட்டார்கள். பிரான்ஸின் முன்னாள் பேரரசர் மூன்றாம் நெப்போலியனுக்கு 1873 ஜனவரியில் இங்கிலாந்தில் ஹென்றி தாம்சன் இரண்டு முறை கல்லை உடைத்தார். மூன்றாவது முறைக்கு முன்பே, ஜனவரி 9 அன்று அவர் இறந்தார். பிரேதப் பரிசோதனையில் கல்லின் ஏறக்குறைய பாதி பைக்குள்ளேயே இருந்தது, சிறுநீரகங்களும் மோசமாகச் சிதைந்திருந்தன. 1878-இல் அமெரிக்காவின் ஹென்றி பிகெலோ, ஒரே அமர்வில் உடைத்து, துகளையெல்லாம் உறிஞ்சி வெளியே எடுத்துவிடும் முறையைக் கொண்டுவந்தார். இன்றைய முறையின் அடிப்படை அதுவே.

நடத்துநருக்கு முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ் மரத்துப்போகச் செய்கிறார்கள். வெளிவழியாகக் கருவி பைக்குள் போகிறது, உப்புநீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. மெல்லிய இழை வழியாக வரும் ஹோல்மியம் லேசர் கல்லைத் துகளாக்குகிறது. பிறகு துகள்களைக் கழுவி உறிஞ்சி எடுக்கிறார்கள். ஒரு துண்டு தங்கினாலும் அதைச் சுற்றி மறுபடி கல் திரளும் என்பதால் கடைசிச் சுற்று மிகக் கவனமாக நடக்கும். நான்கைந்து சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கல்லாக இருந்திருந்தால், அடிவயிற்றில் சிறு துளை போட்டோ, திறந்தோ எடுப்பது எளிதாகும். வெளியிலிருந்து அதிர்வலை கொடுத்து உடைக்கும் முறை அடைப்பு உள்ளவர்களுக்குப் பொருந்தாது, துண்டுகள் வெளியேற வழி வேண்டுமே.

அதே மயக்கத்தில் பருத்த புராஸ்டேட்டின் உட்பகுதியையும் சீவி எடுக்கிறார்கள். எல்லோருக்கும் இது கட்டாயமல்ல. எச்சம் குறைவாக, சுரப்பி சிறிதாக இருப்பவருக்குக் கல்லை மட்டும் எடுத்துவிட்டு, வழியைத் தளர்த்தும் டாம்சுலோசின் போன்ற மாத்திரையோடு கவனித்துப் பார்ப்பதும் உண்டு. இவருக்கு 175 மில்லி தேங்குவதால் வழியை அகலப்படுத்துவதே சரி. இந்தச் சிகிச்சைக்குப் பின் உறவின்போது விந்து வெளியே வராமல் பைக்குள் போவது பலருக்கு நேரும். அதை முன்பே எடுத்துச் சொல்ல வேண்டியது மருத்துவரின் கடமை.

அறுவைக்குப் பின் இரண்டு மூன்று நாள் டியூப் இருக்கும். சில வாரங்கள் எரிச்சல், அடிக்கடி போகும் உணர்வு, இளஞ்சிவப்பாகச் சிறுநீர் வருவது சகஜம். கட்டி கட்டியாக ரத்தம் வந்தாலோ, சிறுநீர் வராமல் அடிவயிறு உப்பினாலோ, குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ உடனே போக வேண்டும். எடுத்த கல்லைப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். யூரிக் அமிலக் கல் என்று தெரிந்தால் சிறுநீரின் அமிலத்தைக் குறைக்கப் பொட்டாசியம் சிட்ரேட் தரலாம். சில வாரங்கள் கழித்து மீண்டும் எச்சத்தை அளப்பார்கள்.

புராஸ்டேட் தவிர வேறு காரணங்களாலும் பை காலியாகாமல் போகும். தண்டுவடத்தில் அடிபட்டவர்கள், நீண்ட கால நீரிழிவால் பையின் நரம்பு மந்தமானவர்கள், கருப்பை இறங்கிப் பையும் சரிந்த பெண்கள் ஆகியோருக்கும் கல் வரலாம். மாதக்கணக்கில் டியூப் வைத்திருப்பவர்களுக்கு டியூபே கல்லுக்கு விதையாகிறது. நுனியில் வெள்ளைப் பொருக்குப் படிந்து, மாற்றிய சில நாள்களிலேயே டியூப் அடைத்துக்கொள்கிறது என்றால் உள்ளே கல் இருக்க வாய்ப்பு அதிகம். இவர்களுக்குப் பல நேரம் வலியே தெரியாது. முதுகில் அடிபட்டுப் படுத்திருப்பவரின் டியூப் மீண்டும் மீண்டும் அடைத்தால், அதை மாற்ற வரும் செவிலியரிடம் கழற்றிய டியூபின் நுனியைக் காட்டச் சொல்லிப் பார்ப்பது வீட்டாரால் முடிகிற காரியம். பொருக்கு இருந்தால் அடுத்த வருகையிலேயே ஸ்கேன் கேட்கலாம்.