12.5 வோல்ட் காட்டியும் வண்டி ஏன் கிளம்பவில்லை?

காலையில் சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற சத்தம் மட்டும். மல்டிமீட்டரோ 12.5 வோல்ட் காட்டுகிறது. பேட்டரி நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடலாமா? சும்மா இருக்கும் பேட்டரி எதையும் காட்டிக்கொடுக்காது.

அதற்குத்தான் லோடு டெஸ்டர். எஞ்சினை அணைத்து, சிவப்புக் கவ்வியை பிளஸ்ஸிலும் கறுப்பை மைனஸிலும் அழுத்திக் கவ்வ வைத்து, சுவிட்சைப் பத்து விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். சாதாரணக் கைக்கருவி சுமார் 100 ஆம்பியர் இழுக்கும். உள்ளே கம்பிச்சுருள் சூடேறும், தொடக்கூடாது.

முள் 10.5-க்கு இறங்கி அங்கேயே நின்றால் பேட்டரி தேறிவிட்டது. 9.6-க்குக் கீழே போனால், அல்லது நிற்காமல் வழுக்கிக்கொண்டே போனால், உள்ளே தகடு தேய்ந்திருக்கலாம், ஒரு செல் செத்திருக்கலாம். மேலே சொன்ன வண்டியில் எட்டு வோல்ட்டுக்குச் சரிந்தால் மாற்றுவதுதான் வழி.

ஆனால் சோதனைக்கு முன் 12.4-க்குக் குறைவாக இருந்தால், முதலில் சார்ஜ் ஏற்றி, சில மணி நேரம் ஆறவிட்டுச் சோதிக்க வேண்டும். இல்லையேல் நல்ல பேட்டரியும் தோற்கும். பெரிய டீசல் வண்டிப் பேட்டரிக்கோ 100 ஆம்பியர் லேசான சுமை. அதில் தேறியதை அப்படியே நம்ப முடியாது.