புது ஹார்ட் டிஸ்க் மாட்டியும் பதிவாகாத கேமரா

மளிகைக் கடையின் டிவிஆரில் பழைய ஹார்ட் டிஸ்க் பழுதாகிவிட்டது. கடைக்காரர் 2 டிபி டிஸ்க் ஒன்றை வாங்கி, கம்ப்யூட்டரில் ஃபார்மட் செய்து மாட்டினார். கேமராக் காட்சி திரையில் ஓடியது. பதிவு மட்டும் ஆகவில்லை. பெட்டி விடாமல் பீப் ஒலி எழுப்பியது.

விண்டோஸ் கம்ப்யூட்டர் டிஸ்க்கைத் தன் கோப்புகளுக்கு ஏற்ற NTFS முறையில் பிரித்துவைக்கிறது. டிவிஆரின் தேவையே வேறு. பல கேமராக்களின் காட்சியை இரவும் பகலும் எழுத வேண்டும். எந்தக் கேமரா, எந்த நேரம் என்று அட்டவணை வைக்க வேண்டும். இடம் நிரம்பியதும் பழையதன் மேலேயே எழுத வேண்டும். அதனால் பெரும்பாலான டிவிஆர்கள் தங்களுக்கென ஒரு அமைப்பை வைத்திருக்கின்றன. அதை அந்தப் பெட்டியால்தான் உருவாக்க முடியும்.

ஹிக்விஷன் டிவிஆரில் HDD பக்கத்தைத் திறந்தால் இத்தகைய டிஸ்க்குக்கு நேரே Uninitialized என்று இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்து Init கொடுத்தால், முடிந்ததும் Normal என்று மாறும். ஆனால் டிஸ்க்கில் முன்பு இருந்ததெல்லாம் அழிந்துவிடும். திருட்டுக் காட்சி உள்ள டிஸ்க்கில் இதைச் செய்யவே கூடாது.

பட்டியலில் டிஸ்க்கே தென்படாவிட்டால் ஃபார்மட் செய்ய வழியில்லை. பெட்டியை அணைத்துவிட்டு, மின் கேபிளும் சாட்டா கேபிளும் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அந்த மாடல் ஏற்கும் அதிகபட்சக் கொள்ளளவையும் சரிபார்ப்பது அவசியம். எல்லாம் சரியான பின், சில நிமிடம் பதிவாகவிட்டுப் பிளேபேக்கில் ஓட்டிப் பார்க்க வேண்டும்.